மேம்பாட்டு நோட்டீசுக்குப் பதில்

ஏற்காடு,
21.11.2025

அனுப்புநர்:
உணவக உரிமையாளர்,
ஏரி சாலை, ஒண்டிக்கடை அருகில்,
ஏற்காடு – 636601.

பெறுநர்:
நியமன அலுவலர் அவர்கள்,
உணவு பாதுகாப்பு மற்றும் மருந்து நிர்வாகத் துறை,
சேலம் மாவட்டம்.

பொருள்: 06.11.2025 அன்று நடந்த ஆய்வு – உணவு பாதுகாப்பு மற்றும் தரநிலைகள் சட்டம் 2006, பிரிவு 32-இன் கீழ் வந்த மேம்பாட்டு நோட்டீஸ் – செய்து முடித்த திருத்தங்களும், ஒரு வேலைக்குக் கால அவகாசமும் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

தாங்கள் அனுப்பிய நோட்டீஸ் 10.11.2025 அன்று கிடைத்தது. அதில் சொல்லியிருக்கும் ஆறு குறைகளும் உண்மையே, எதையும் மறுக்கவில்லை. தந்த 14 நாள் கெடுவுக்குள் ஐந்தைச் சரிசெய்துவிட்டோம். ஆறாவதற்கு மட்டும் அவகாசம் கேட்கிறேன். விவரம் கீழே.

முதலாவது, பச்சைக் கோழி இருந்த தட்டுக்குக் கீழே சமைத்த குருமா பாத்திரம் இருந்தது. ஆய்வன்று அலுவலர் ஃப்ரிட்ஜைத் திறந்து காட்டியபோது, குருமாவின் மூடி மேல் கோழித் தண்ணீர் சொட்டி நின்றதை நானும் பார்த்தேன். அந்தப் பாத்திரத்தை அப்போதே அவர் முன்னிலையில் கொட்டினோம். அதே ஃப்ரிட்ஜின் கதவு ரப்பர் கிழிந்து, உள்ளே 11 டிகிரி காட்டியது. ரப்பரை மாற்றி, இப்போது 5 டிகிரிக்குள் நிற்கிறது. பச்சை இறைச்சிக்கென்று தனி ஃப்ரீசர் வாங்கிவிட்டோம். வெட்டும் பலகையும் கத்தியும் கூடத் தனி, சிவப்புக் கைப்பிடி போட்டது. காலை, மதியம், இரவு மூன்று வேளையும் வெப்பநிலையை ஒரு நோட்டில் எழுதிக் கையெழுத்துப் போடுகிறோம். கரண்ட் போய் வந்தால் அந்த நேரத்தையும் எழுதச் சொல்லியிருக்கிறேன். மழைக்காலத்தில் இங்கே அது அடிக்கடி நடக்கும்.

இரண்டாவது, எண்ணெய். இதுதான் எனக்கு மிகவும் வருத்தம் தந்த குறை. சீசன் நாட்களில் மிளகாய் பஜ்ஜிக்கும் சில்லி சிக்கனுக்கும் சட்டி நாள் முழுக்க அடுப்பில் இருக்கும். குறைகிறபோது புது எண்ணெயைப் பழையதன் மேலேயே ஊற்றும் வழக்கம் எங்களிடம் இருந்தது. நிறத்தையும் நுரையையும் பார்த்து மாஸ்டர் தீர்மானிப்பார். இனி அது கிடையாது. மொத்தத் துருவச் சேர்மங்கள் 25 சதவீதத்தைத் தாண்டக்கூடாது என்பதால், அதை அளக்கும் கருவி வாங்கி, மதியம் ஒரு முறை, கடை மூடும் முன் ஒரு முறை பார்க்கிறோம். வரம்புக்கு வருவதற்கு முன்பே எண்ணெயை எடுத்துவிடுவோம். எடுத்ததை மூடியுள்ள கேனில் சேர்த்து, அங்கீகாரம் பெற்ற சேகரிப்பாளரிடம் கொடுக்க ஒப்பந்தம் போட்டாயிற்று. அதன் நகலை இணைத்துள்ளேன். சாக்கடையிலோ, ரோட்டோரத் தள்ளுவண்டிக்காரர்களிடமோ ஒரு சொட்டும் போகாது.

மூன்றாவது, சில்லி சிக்கனில் செயற்கை நிறப்பொடி. இருந்த டப்பாக்களை அழித்துவிட்டோம். காஷ்மீரி மிளகாய்த் தூளில் வரும் நிறமே போதும் என்று மாஸ்டரிடம் சொல்லிவிட்டேன். நிறம் கொஞ்சம் குறைந்ததாக ஒன்றிரண்டு வாடிக்கையாளர்கள் சொன்னார்கள். காரணத்தைச் சொன்னதும் ஏற்றுக்கொண்டார்கள்.

நான்காவது, பணியாளர்கள். ஒன்பது பேரில் நால்வருக்கு மருத்துவச் சான்று காலாவதியாகியிருந்தது. அவர்களுக்கும் பரிசோதனையும் டைபாய்டு தடுப்பூசியும் முடிந்தன. சான்று வரும்வரை அவர்களைச் சமையலிலும் பரிமாறுவதிலும் வைக்கவில்லை. ஐந்தாவது, மூடியில்லாத குப்பைத் தொட்டியும் பார்சலுக்கு நியூஸ் பேப்பரும். இரண்டும் நீக்கப்பட்டன, காலால் மிதித்துத் திறக்கும் தொட்டியும் வாழை இலையும் வந்துவிட்டன.

ஆறாவது, ஸ்டோர் ரூம் சுவரில் பூஞ்சை. பனியும் ஈரமும் உள்ள ஊர்தான், ஆனால் அரிசி மூட்டைகளைச் சுவரை ஒட்டி அடுக்கியது எங்கள் தவறு. பூஞ்சை படிந்த இரண்டு மூட்டைகளை அப்புறப்படுத்தினோம். மீதியைப் பக்கத்து அறையில், சுவரிலிருந்து ஒன்றரை அடி தள்ளி, மரப்பலகை மேல் வைத்துள்ளோம். சுவரைச் சுரண்டி டைல்ஸ் ஒட்டவும், எக்ஸாஸ்ட் ஃபேன் பொருத்தவும் ஆள் பேசியாயிற்று. ஆனால் ஈரம் காயாமல் டைல்ஸ் ஒட்டினால் சில மாதத்தில் பெயர்ந்துவிடும் என்று கொத்தனார் சொல்கிறார். ஆகவே இந்த ஒரு வேலைக்கு மட்டும் 20.12.2025 வரை அவகாசம் தந்து உதவ வேண்டுகிறேன். அதுவரை அந்த அறையில் உணவுப் பொருள் எதையும் வைக்க மாட்டோம். எல்லாவற்றையும் பக்கத்து அறைக்கே மாற்றிவிட்டோம்.

நோட்டீஸில் கேட்கப்படாவிட்டாலும் ஒன்றைத் தெரிவித்துக்கொள்கிறேன். லாரித் தண்ணீர் வாங்கும் நாட்கள் உண்டு என்பதால், தொட்டித் தண்ணீர் மாதிரியைப் பரிசோதனைக்குக் கொடுத்துள்ளோம். முடிவு வந்ததும் தங்களுக்கு அனுப்புகிறேன். அதுவரை குடிக்கக் கொதிக்க வைத்து ஆறிய தண்ணீர்தான் தருகிறோம்.

எந்த நேரத்திலும், முன்னறிவிப்பு இல்லாமலும் மறு ஆய்வுக்கு வரலாம். வெப்பநிலை நோட்டும் எண்ணெய் நோட்டும் கல்லாவிலேயே இருக்கும்.

இணைப்பு: ஃப்ரீசர், ரப்பர் பில்கள், எண்ணெய் ஒப்பந்த நகல், நால்வரின் மருத்துவச் சான்றுகள், திருத்தத்துக்கு முன்னும் பின்னும் எடுத்த புகைப்படங்கள் 12.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
உணவக உரிமையாளர்
(கையொப்பமும் முத்திரையும் இடப்பட்டது)