17-சி இருக்கைக்கு வரும் பயணிக்கு

வணக்கம்.

உங்களுடைய 17-சி இருக்கையை எனக்கு விட்டுக்கொடுத்து, என்னுடைய 23-சி இருக்கையில் நீங்கள் அமர முடியுமா? இதைக் கேட்கத்தான் இந்தக் கடிதம். இரண்டும் நடைபாதையை ஒட்டிய இருக்கைகள், ஒரே வகுப்பு. உங்கள் வரிசையில் ஜன்னலோரம் அமர்ந்திருக்கும் பெரியவர் என் மாமனார். நடுவில் இருப்பவள் என் மகள். வயது ஆறு.

படிக்க நேரமில்லையென்றால் இதுவரை படித்தது போதும். ஏன் நேரில் கேட்காமல் இவ்வளவு நீளமாக எழுதியிருக்கிறேன் என்பதை உட்கார்ந்த பிறகு படித்துக்கொள்ளுங்கள். ஒன்று மட்டும் வேண்டிக்கொள்கிறேன்: இதை வாய்விட்டுப் படிக்க வேண்டாம், தாளை ஜன்னல் பக்கம் திருப்பவும் வேண்டாம். மாமா முப்பத்தைந்து ஆண்டுகள் கணக்கு ஆசிரியராக இருந்தவர். எந்தத் தாளைக் கண்டாலும் எட்டிப் பார்த்துப் படித்துவிடுவார்.

அவருக்கு எழுபத்தெட்டு வயது. மூன்று ஆண்டுகளாக நினைவு தப்பும் நோய் இருக்கிறது. பார்த்தால் தெரியாது. சட்டையின் மேல் பொத்தான் வரை போட்டுக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்திருப்பார். உங்களைப் பார்த்துச் சிரித்து, எங்கே போகிறீர்கள் என்று மரியாதையாக விசாரிப்பார். கால் மணி நேரம் கழித்து அதே சிரிப்போடு அதையே மறுபடியும் விசாரிப்பார். இவ்வளவுதான் என்றால் நான் உங்களைத் தொந்தரவு செய்திருக்க மாட்டேன். பொழுது சாயும்போதுதான் சிரமம். இந்த நோய் உள்ள பலருக்கும் மாலை மயங்கும் வேளையில் குழப்பம் அதிகமாகும் என்று மருத்துவர் சொன்னார். எங்கள் வீட்டிலும் அப்படித்தான். விளக்கு வைக்கும் நேரமானால் எழுந்து செருப்பைத் தேடுவார், வீட்டுக்குப் போக வேண்டும் என்பார். நம் விமானம் மாலை 5.40-க்குப் புறப்படுகிறது. நான்கு மணி நேரப் பயணம். ஜன்னலுக்கு வெளியே இருட்டுவதும், உள்ளே விளக்குகளைக் குறைப்பதும் ஏறக்குறைய ஒன்றாகவே நடக்கும்.

இவற்றையெல்லாம் அவர் முன்னால் நின்று உங்களிடம் என்னால் சொல்ல முடியாது. மறந்துபோகிறார் என்பதால் அவருக்குப் புரியாது என்று பொருளல்ல. தன்னைப் பற்றித் தாழ்ந்த குரலில் பேசுகிறார்கள் என்பது அவருக்கு உடனே தெரிந்துவிடும். முகம் வாடிப்போகும். என்ன பேச்சு என்பது சற்று நேரத்தில் மறந்துவிடும், அந்த வருத்தம் மட்டும் மனத்தை விட்டுப் போகாது. அதனால்தான் எழுதிக் கொடுக்கிறேன்.

டிக்கெட் எடுத்தபோது எங்கள் மூவருக்கும் ஒரே வரிசைதான் கிடைத்தது. பிறகு விமானத்தை மாற்றினார்கள். இருக்கை அமைப்பும் மாறியது, கணினி எங்களைப் பிரித்துவிட்டது. கவுண்டரில் கேட்டேன். "குழந்தையின் பக்கத்தில் குடும்பத்துப் பெரியவர் ஒருவர் இருக்கிறாரே, அம்மா" என்று திரையைக் காட்டினார்கள். திரையில் அது சரிதான். உண்மையில் அந்த இருவரில் ஒருவரைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு ஆறு வயதுக் குழந்தையின் மேல் விழுந்திருக்கிறது. அவளும் அதை ஏற்றுக்கொண்டுவிட்டாள். "நீ பின்னால் உட்கார்ந்துகொள் அம்மா, தாத்தாவை நான் பார்த்துக்கொள்கிறேன்" என்று காத்திருக்கும் கூடத்தில் சொன்னாள். சொல்லும்போதே என் கைவிரலைப் பிடித்தவள் இன்னும் விடவில்லை. மற்றொரு கையால்தான் இதை எழுதுகிறேன், எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

எனக்கு இருக்கும் பயத்தையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். பிராணவாயு முகமூடி விழுந்தால் முதலில் நீங்கள் மாட்டிக்கொண்டு, பிறகு பக்கத்தில் இருக்கும் குழந்தைக்கு மாட்டுங்கள் என்று புறப்படும் முன் விளக்குவார்கள். 17-ஆம் வரிசையில் அந்தப் 'பிறகு' யாருடைய பொறுப்பு? மாமா அதைக் கேட்டுத் தலையாட்டுவார், ஆனால் நினைவில் நிற்காது. மகளால் அவருக்கு மாட்டிவிட முடியாது. கடைசியில் இரண்டு பேரின் பொறுப்பும் உங்கள் மேல்தான் விழும். அப்படி எதுவும் நடக்க வாய்ப்பு மிகக் குறைவு என்று எனக்குத் தெரியும். ஆனால் இருக்கை வாரை அவிழ்த்துவிட்டு மாமா எழுந்து நிற்பது நடக்கும், பலமுறை நடக்கும். நடுவில் நான் இல்லையென்றால் ஒவ்வொரு முறையும் என் மகளையும் உங்களையும் தாண்டித்தான் அவர் வெளியே வர வேண்டும். தூங்கலாம் என்று நினைத்து வந்திருப்பீர்கள்.

23-சி எப்படிப்பட்ட இடம் என்பதையும் உள்ளது உள்ளபடி சொல்வதுதான் முறை. ஆறு வரிசை பின்னால் இருக்கிறது. வரைபடத்தின்படி கடைசி வரிசைக்கு மூன்று வரிசை முன்னால். கால் நீட்டும் இடம் உங்கள் இருக்கையில் உள்ளதைப் போன்றதுதான். ஆனால் கழிவறைக்குக் காத்திருப்பவர்கள் சில நேரம் பக்கத்தில் வந்து நிற்பார்கள். வால்பகுதிக்கு அருகில் இருப்பதால் காற்று குலுக்கும்போது ஆட்டம் கொஞ்சம் கூடுதலாகத் தெரியும். இறங்கும்போது சில நிமிடங்கள் தாமதமாகும். பக்கத்து இருக்கைகளுக்கு யார் வருகிறார்கள் என்று எனக்குத் தெரியவில்லை. உங்கள் பெட்டியை 17-ஆம் வரிசைக்கு மேலேயே வைத்திருந்தால் நகர்த்த வேண்டியதில்லை. முன்வாசல் வழியாக இறங்கும்போது எப்படியும் எங்களைத் தாண்டித்தான் வருவீர்கள். நான் அதை இறக்கித் தயாராக வைத்திருப்பேன். இப்போதே பின்னால் கொண்டுபோக வேண்டும் என்றாலும் நானே தூக்கி வந்து வைக்கிறேன்.

நீங்கள் மறுப்பதற்கு நியாயமான காரணங்கள் பல இருக்கலாம். இந்த இருக்கைக்காகத் தனியாகப் பணம் கட்டியிருக்கலாம். இறங்கியவுடன் ஓடிப்போய் இன்னொரு விமானம் பிடிக்க வேண்டியிருக்கலாம், அப்போது ஆறு வரிசை பெரிய தூரம்தான். பின்னால் உட்கார்ந்தால் உங்களுக்குத் தலை சுற்றலாம். அல்லது முன்கூட்டியே யோசித்து நீங்கள் தேர்ந்தெடுத்த இடம் இது என்பதே போதுமான காரணம். எதையும் எனக்கு விளக்க வேண்டியதில்லை. தாளை மடித்துத் திருப்பிக் கொடுத்தால் புரிந்துகொள்வேன். மறுபடி கேட்கவோ, பக்கத்தில் இருப்பவர்கள் காதில் விழும்படி வருத்தப்படவோ மாட்டேன். குழந்தை உங்கள் முகத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது கேட்டு, மறுக்க முடியாத நிலையில் உங்களை நிறுத்தக்கூடாது என்பதும் நான் எழுதிக் கேட்பதற்கு ஒரு காரணம்.

அப்படி நீங்கள் இங்கேயே இருப்பதாக இருந்தால், அவர்களைப் பார்த்துக்கொள்ளும் வேலையை உங்களிடம் ஒப்படைக்க மாட்டேன். மாமா எழுந்தால் தலைக்கு மேலுள்ள அழைப்புப் பொத்தானை மட்டும் அழுத்திவிடுங்கள், பணியாளர்கள் என்னை அழைப்பார்கள். கையைப் பிடித்து உட்கார வைக்க முயல வேண்டாம், மிரண்டுபோவார். "உங்கள் மருமகள் இதோ வருகிறாள்" என்று சொன்னால் பெரும்பாலும் அமர்ந்துவிடுவார். என் மகளை அவளுடைய அத்தையின் பெயர் சொல்லி அழைப்பார். அவளும் திருத்தாமல் "என்ன அப்பா" என்று கேட்பாள். கேட்டுக் குழம்பிவிடாதீர்கள், அது அவர்களுக்குள் இருக்கும் ஏற்பாடு.

மாற்றிக்கொள்ளச் சம்மதம் என்றால், பணியாளரிடம் சொல்லிவிட்டு மாறுவோம். அவருக்கும் ஒரு தாள் எழுதியிருக்கிறேன், அதை இத்துடன் இணைத்திருக்கிறேன். எல்லாரும் ஏறி முடியும்வரை உங்கள் வரிசைக்கு அருகில்தான் நிற்பேன். நீலநிறச் சேலை, கையில் பழுப்புநிறத் துணிப்பை. ஒரு தலையசைப்பு போதும்.

மிக்க நன்றியுடன்,
23-சி இருக்கைப் பயணி


விமானப் பணியாளர் அவர்களுக்கு

வணக்கம். நான் 23-சி. என் மாமனார் 17-ஏ, என் ஆறு வயது மகள் 17-பி. மாமனாருக்கு நினைவு தப்பும் நோய் உள்ளது. மாலையில் குழப்பம் கூடும், இருக்கை வாரை அவிழ்த்துவிட்டு எழுந்துவிடுவார். குழந்தையால் அவரைப் பார்த்துக்கொள்ள முடியாது. அவர் அருகில் நான் இருக்க உதவி செய்யுங்கள்.

17-சி பயணியிடம் கடிதம் கொடுத்துக் கேட்டிருக்கிறேன். அவர் சம்மதித்தால் 17-சி, 23-சி இரண்டையும் மாற்றிக்கொள்ள உங்கள் அனுமதி வேண்டும். பயணிகள் பட்டியலிலும் குறித்துக்கொள்ளுங்கள். சக்கர நாற்காலி வேண்டும் என்பது 17-ஏ இருக்கைக்குப் பதிவாகியிருக்கிறது, அதில் மாற்றம் இல்லை.

அவர் மறுத்தால், தயவுசெய்து அவரை மீண்டும் வற்புறுத்த வேண்டாம். 23-ஏ, 23-பி பயணிகள் இருவரும் முன்னால் வர விரும்பினால் மாமாவையும் மகளையும் என்னிடம் அழைத்துக்கொள்கிறேன். வேறு எந்த வரிசையானாலும் சரி, கடைசி வரிசையானாலும் சரி. அவசர வழி வரிசை மட்டும் எங்களுக்குப் பொருந்தாது என்பது உங்களுக்குத் தெரியும். மூன்று இருக்கைகள் சேர்ந்து கிடைக்கவே இல்லையென்றால் மாமாவின் பக்கத்தில் என்னை அமர்த்துங்கள். மகளை நடைபாதைக்கு அந்தப் பக்கம், அவள் என்னைப் பார்க்கக்கூடிய இடத்தில் அமர்த்துங்கள். நான் கண்ணில் பட்டுக்கொண்டிருந்தால் அவள் சமாளித்துக்கொள்வாள்.

இன்னும் ஒரு வேண்டுகோள். இதை ஒலிபெருக்கியில் அறிவித்துக் கேட்க வேண்டாம். மாமாவிடம் பேசும்போது சற்றுக் குனிந்து, அவர் முகத்தைப் பார்த்து, ஒரு நேரத்தில் ஒரு விஷயம் மட்டும் சொல்லுங்கள். 'சார்' என்று அழைத்தால் மகிழ்வார், வகுப்பறையில் அப்படித்தான் அழைத்தார்கள்.

ஏறும் கூட்டம் முடிந்து உங்களுக்கு நேரம் கிடைக்கும்போது சொன்னால் போதும். புறப்படுவதற்குள் முடியாவிட்டால் இருக்கை வார் விளக்கு அணையும்வரை 23-சியிலேயே இருக்கிறேன். மேலே கிளம்பும் அந்த நேரத்தில் மட்டும் 17-ஏ மீது ஒரு கண் வைத்துக்கொள்ளுங்கள்.

நன்றி.