ஊர்ச் சாமான்கள் வந்து இறங்கிவிட்டன!

ஸ்காபரோ உறவுகளே, தைப்பொங்கலுக்கு முன்பே யாழ்ப்பாணத்துச் சாமான்கள் கடைக்கு வந்துவிட்டன. நேற்று மாலைதான் பெட்டிகளைப் பிரித்தோம். வறுத்த தூளின் வாசம் வாசல்வரை வருகிறது!

முதலில் கறித்தூள். செத்தல் மிளகாய், மல்லி, சீரகம், பெருஞ்சீரகம், மிளகு, வெந்தயம், கறிவேப்பிலை என ஒவ்வொன்றையும் அதனதன் பதத்தில் வறுத்து, மஞ்சள் சேர்த்து அரைத்த தூள். கப்பலில் வாரக்கணக்கில் கிடந்தால் வாசம் இறங்கிவிடும் என்பதால் இதை மட்டும் விமானத்தில் எடுப்பித்தோம். விலை சற்றுக் கூடத்தான்: 250 கிராம் 6.99 டாலர், 500 கிராம் 12.49 டாலர். அரைத்த தேதி ஒவ்வொரு பையிலும் இருக்கிறது, பார்த்து வாங்குங்கள். ஒரு மாதத்துக்குப் போதுமான அளவே எடுங்கள். மிச்சத்தைக் காற்றுப் புகாத போத்தலில் அடைத்துக் குளிர்சாதனப் பெட்டியில் வையுங்கள். கடும் உறைப்பு சிவப்புப் பை. பிள்ளைகளுக்கும் சேர்த்துச் சமைப்பவர்களுக்குப் பச்சைப் பை.

பருத்தித்துறை வடை வந்திருக்கிறது! உளுந்தும் மிளகாயும் பெருஞ்சீரகமும் தெரியத் தெரியத் தட்டிப் பொரித்தது; கையால் ஒடித்தால் சத்தம் கேட்கும். 200 கிராம் 4.99 டாலர். இதில் கோதுமை மா சேர்ந்திருக்கிறது, ஒவ்வாமை உள்ளவர்கள் கவனிக்கவும்.

பனையில் இருந்து வந்தவை தனித் தட்டில் இருக்கின்றன. ஓலைக் குட்டானில் பனங்கட்டி, பினாட்டு, புழுக்கொடியல், ஒடியல் மா. இந்தக் குளிருக்கு ஒரு பானை கூழ் காய்ச்ச நினைப்பவர்கள் ஒடியல் மாவை மறக்க வேண்டாம். மாவைத் தண்ணீரில் ஊறவிட்டு, தெளிந்த நீரை வடித்து ஊற்றினால் கசப்புப் போய்விடும். கூழுக்குப் போடும் நண்டும் இறாலும் பயிற்றங்காயும் கடையின் பின்பக்கத்திலேயே கிடைக்கும். பினாட்டு இம்முறை கொஞ்சம்தான் கிடைத்தது. அதை ஆசையோடு தேடி வரும் பெரியவர்கள் பலர் இருப்பதால் ஆளுக்கு இரண்டு பைகள் மட்டுமே தருகிறோம்.

மோர் மிளகாய், வேப்பம்பூ வடகம், எள்ளுப்பாகு, பயற்றம் பணியாரம் ஆகியவையும் உண்டு. பொங்கலுக்கான பச்சையரிசி, வறுத்த பயறு, சர்க்கரை, முந்திரிகை வாசலிலேயே அடுக்கியிருக்கிறோம். மண்பானையும் புதுக் கோலமாவும் வெள்ளிக்கிழமை வரும்.

வீட்டை விட்டு வெளியே வர இயலாத அம்மா, அப்பாக்களுக்குச் சாமான்களைக் கொண்டுவந்து தருவோம். இந்தப் பதிவின் கீழே உங்கள் பகுதியை மட்டும் எழுதுங்கள், நாங்களே உங்களுக்குத் தனிச் செய்தி அனுப்புவோம். ஸ்காபரோவுக்குள் 40 டாலருக்கு மேல் வாங்கினால் கொண்டுவரும் கூலி இல்லை.

இடம்: மார்க்கம் வீதியும் லாரன்ஸ் அவென்யூவும் சந்திக்கும் இடத்துக்கு அருகே. தினமும் காலை 9 முதல் இரவு 10 வரை. வாகனம் நிறுத்தக் கடைக்குப் பின்னால் இடம் இருக்கிறது.

#ஸ்காபரோ #யாழ்ப்பாணக்கறித்தூள் #பருத்தித்துறைவடை #தைப்பொங்கல்