அறிமுகம்: வெங்கடேசன் (ஜவ்வாது மலை சாமை) – டாக்டர் ஹரிணி (உணவுத் தொழில்நுட்பம்)

வணக்கம் டாக்டர் ஹரிணி, வணக்கம் வெங்கடேசன்.

உங்கள் இருவரிடமும் தனித்தனியாகப் பேசி, "சரி, அறிமுகப்படுத்துங்கள்" என்று நீங்கள் சொன்ன பிறகுதான் இந்த மெயிலை எழுதுகிறேன். ஒருவரைப் பற்றி இன்னொருவருக்குத் தெரிய வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். போனில் எப்போது பேசுவது என்பதை நீங்கள் இருவருமே முடிவு செய்துகொள்ளுங்கள்.

ஹரிணி, வெங்கடேசன் ஜமுனாமரத்தூர் பக்கம் மலைக் கிராமத்தைச் சேர்ந்தவர். அங்குள்ள சாமை விவசாயிகள் சேர்ந்து நடத்தும் உழவர் உற்பத்தியாளர் நிறுவனத்தின் முதன்மை நிர்வாகி. நான் வங்கி வேலையில் இருந்தபோது இவர்களுடைய கடன் விண்ணப்பத்தைப் பார்த்த நாளிலிருந்து பழக்கம். கணக்கு வழக்கில் கெட்டி. யார் வீட்டிலிருந்து எத்தனை மூட்டை வந்தது, எந்த மூட்டை எந்த நாள் அரைக்கப்பட்டது என்று நோட்டில் எழுதி வைத்திருப்பார். நீங்கள் எதைக் கேட்டாலும் "சுமாராக" என்று பதில் வராது. இது உங்களுக்கு எவ்வளவு பெரிய நிம்மதி என்று எனக்குத் தெரியும்.

வெங்கடேசன், டாக்டர் ஹரிணி தஞ்சாவூரில் உணவுத் தொழில்நுட்பம் படித்தவர். இப்போது கோயம்புத்தூரில் இருந்துகொண்டு சிறுதானியம், பருப்பு பதப்படுத்தும் சிறிய யூனிட்களுக்கு ஆலோசனை சொல்கிறார். தருமபுரி பக்கம் ஒரு குழுவுக்கு வரகையும் சாமையையும் ஆவியில் வேகவைத்துக் காயவைத்து அரைக்கும் முறையைச் சொல்லிக்கொடுத்து, அது அங்கே நடைமுறையில் இருக்கிறது. ஒன்றை முக்கியமாகச் சொல்லிவிடுகிறேன்: இவர் எந்த மிஷினையும் விற்பவர் இல்லை, எந்த டீலரிடமும் கமிஷன் வாங்குபவரும் இல்லை. இதுவரை உங்களிடம் வந்து பேசியவர்களில் பாதிப் பேர் கையில் மிஷின் கேட்டலாக்கோடு வந்தவர்கள் என்பதால் இதைச் சொல்கிறேன்.

விஷயம் இதுதான். உமியோடு இருக்கும்வரை சாமைக்கு ஒன்றும் ஆகாது, வருடக்கணக்கில் கிடக்கும். உமி நீக்கி அரிசியாக்கிய பிறகுதான் தொல்லை ஆரம்பிக்கிறது. வெங்கடேசனின் சாமை அரிசி பாலீஷ் செய்யாதது. தவிடு இருப்பதால்தான் வாடிக்கையாளர்கள் கூடுதல் விலை கொடுக்கிறார்கள். ஆனால் அந்தத் தவிட்டில் இருக்கும் எண்ணெய்தான் சிக்கு வாடைக்கும் காரணம். பாலீஷ் போட்டால் வாடை குறையும், கூடவே விலையும் போய்விடும். போன கோடையில் சென்னையில் ஒரு கடை, வாடை வருகிறது என்று ஒரு லோடைத் திருப்பி அனுப்பியது. அதில் ஒரு கிலோ பாக்கெட்டை நான் வாங்கிவந்து சமையலறை அலமாரியில் வைத்திருந்தேன். பிரித்ததும் பழைய எண்ணெய்ச் சட்டி வாசனை. கழுவி உப்புமா கிளறிய பிறகும் அடிநாக்கில் ஒரு கசப்பு நின்றது. அதே விவசாயிகளின் சாமையை, வெங்கடேசனின் அம்மா உரலில் குத்தி அன்றே பொங்கியதையும் சாப்பிட்டிருக்கிறேன், எனவே குறை தானியத்தில் இல்லை என்று தைரியமாகச் சொல்வேன்.

இதற்கு ஆளுக்கொரு வழி சொல்லிவிட்டார்கள். காற்றை உறிஞ்சி பேக் செய்தால் போதும் என்கிறார் ஒருவர். ஆவியில் வேகவைத்துத்தான் ஆக வேண்டும் என்கிறார் இன்னொருவர். அப்படிச் செய்தால் நிறம் மாறும், கடைக்காரர் எடுக்க மாட்டார் என்று நிர்வாகக் குழுவில் பயப்படுகிறார்கள். சிறிது சிறிதாக அரைத்து உடனே விற்றுவிடுங்கள் என்பது என் யோசனை, ஆனால் மலையிலிருந்து சின்னச் சின்ன லோடாக இறக்கினால் வண்டி வாடகையே எல்லாவற்றையும் தின்றுவிடும். ஆக, இதைத் தெரிந்த ஒருவர் கேட்டு, பார்த்து, இவர்களுக்கு எது ஒத்துவரும் என்று சொல்ல வேண்டியிருக்கிறது.

முதல் பேச்சிலேயே தீர்வு கிடைத்துவிட வேண்டும் என்று இருவருமே எதிர்பார்க்க வேண்டாம். அரை மணி நேரம் போதும். கோளாறு எந்த இடத்தில் தொடங்குகிறது, காயவைப்பதிலா, அரைப்பதிலா, பேக் செய்வதிலா, குடோனிலா என்று ஹரிணிக்கு ஓர் உருவம் கிடைத்தால் சரி. மிஷின் வாங்கும் பேச்சை அன்றைக்கு எடுக்க வேண்டாம்.

வெங்கடேசன், பேசுவதற்கு இரண்டு நாள் முன்பாவது இவற்றை ஹரிணிக்கு அனுப்பிவிடுங்கள்: உமி நீக்கும் மிஷினின் போட்டோ, அரைப்பதற்கு முன் ஈரப்பதம் எத்தனை சதவீதம் என்று குறித்து வைத்த பக்கங்கள், திரும்பி வந்த லோடு அரைத்த தேதியும் புகார் வந்த தேதியும். பாக்கெட் கவர் ஒன்றையும், புதிதாக அரைத்த சாமை அரைக் கிலோவையும், பழையதில் மிச்சம் இருந்தால் அதில் கொஞ்சத்தையும் கூரியரில் போட்டுவிடுங்கள். வாடையை வாட்ஸ்அப்பில் அனுப்ப முடியாது.

பணம் பற்றியும் இப்போதே பேசிவிடுவது நல்லது. முதல் முறை பேசுவதற்குக் கட்டணம் இல்லை என்று ஹரிணி சொல்லியிருக்கிறார். அதற்குப் பிறகு நேரில் வந்து பார்ப்பதோ மாதிரிகளைச் சோதிப்பதோ தேவைப்பட்டால், அதற்கான தொகையை அவர் எழுதிக் கொடுப்பார். வெங்கடேசன் அதை நிர்வாகக் குழுவில் வைத்து ஒப்புதல் வாங்க வேண்டும், அதற்கு இரண்டு மூன்று வாரம் ஆகலாம். ஹரிணி, அதைத் தயக்கம் என்று நினைத்துவிடாதீர்கள், அவர்கள் முறை அப்படி. ஒத்துவரவில்லை என்றால் யாரும் யாரிடமும் சங்கடப்பட வேண்டியதில்லை. எனக்கு விளக்கம் சொல்ல வேண்டியதும் இல்லை.

நேரம்: ஹரிணிக்குக் காலையில் லேப் வேலை, மாலை நான்கு மணிக்கு மேல் வசதி. வெங்கடேசனின் கிராமத்தில் சிக்னல் வரும், போகும். வெள்ளிக்கிழமைகளில் வங்கி வேலையாகப் போளூர் இறங்குவார், அங்கே பேச்சு அறுபடாது. பிப்ரவரி 10-க்குள் ஒரு வெள்ளிக்கிழமை மாலை இருவருக்கும் பொருந்தும் என்று எனக்குத் தோன்றுகிறது. வீடியோ வேண்டாம், சாதாரண போன் கால் போதும். இருவருடைய போன் நம்பரையும் இருவருக்கும் வாட்ஸ்அப்பில் தனியாக அனுப்பியிருக்கிறேன்.

வெங்கடேசன், முதல் பதில் உங்களிடமிருந்து போகட்டும். இந்த மெயிலுக்கே "ரிப்ளை ஆல்" போட்டு, உங்களுக்குத் தோதான இரண்டு நேரங்களைச் சொல்லுங்கள். ஹரிணி அதில் ஒன்றைத் தேர்ந்தெடுத்துவிடுவார். அதற்கு அடுத்த மெயிலிலிருந்து சிசியில் என் பெயரை எடுத்துவிடுங்கள். நேரம் குறிக்கும் மெயில்கள் எனக்கு வர வேண்டாம். நடுவில் நான் இருந்தால், இரண்டு பேரும் என்னிடம் கேட்டுக்கொண்டே இருப்பீர்கள்.

எங்காவது நின்றுபோனால் மட்டும் என்னைக் கூப்பிடுங்கள்.

அன்புடன்,
சுந்தரராஜன்
வேலூர்

பி.கு.: ஹரிணி, மலைக்கு வரும்படி ஆனால் முன்கூட்டியே வெங்கடேசனிடம் சொல்லிவிடுங்கள். போளூரிலிருந்து வண்டிக்கு அவர் ஏற்பாடு செய்துவிடுவார். கடைசி பஸ்ஸை நம்பிப் புறப்பட வேண்டாம்.