அக்கா, பதிலில் ஒவ்வொரு வரிக்கும் கீழே பதவுரை வேண்டும்

அக்கா, வணக்கம். பராமரிப்பு வேலைக்காக நான் படிக்கும் ஜப்பானிய மொழியில் நீங்கள் அனுப்பிய பத்தியும் அதற்குக் கீழே இருந்த தமிழும் படித்தேன், விஷயம் நன்றாகவே புரிந்தது, ஆனால் எந்தச் சொல்லுக்கு எது பொருள் என்று பொருத்திப் பார்க்க முடியவில்லை. ஜப்பானிய மொழியில் சொற்களுக்கு நடுவே இடம் விடுவதில்லை அல்லவா, ஒரு சொல் எங்கே முடிகிறது என்றே எனக்கு இன்னும் பிடிபடவில்லை. அதனால் ஒரு உதவி. இனிமேல் பதில் எழுதும்போது ஒவ்வொரு வரிக்கும் கீழே சொல்லுக்குச் சொல் பொருள் போட்டுத் தாருங்கள். பள்ளியில் செய்யுளுக்குப் பதவுரை, பொழிப்புரை என்று படித்தோமே, நீங்கள் கொடுத்தது பொழிப்புரை, எனக்கு இப்போது பதவுரைதான் வேண்டும்.

மாதிரிக்கு ஒன்று போடுகிறேன். இங்கே தமிழ் எழுத்தில் எழுதுகிறேன், நீங்கள் முதல் வரியை ஜப்பானிய ஹிராகனா எழுத்திலேயே எழுதுங்கள், சொற்களுக்கு நடுவே மட்டும் இடம் விடுங்கள்.

குசுரி ஓ நொமி-மஷி-தா கா
மருந்து ஐ குடி-மரியாதை-இறந்தகாலம் ஆ
மருந்து குடித்தீர்களா?

மூன்று வரி, அவ்வளவுதான். நடு வரியில் தமிழ் கோணலாக இருந்தாலும் பரவாயில்லை, அதைச் சரிசெய்யவே வேண்டாம், நல்ல தமிழுக்குத்தான் மூன்றாவது வரி இருக்கிறது. வினைச்சொல்லைப் பகுபத உறுப்பிலக்கணம் மாதிரி கோடு போட்டுப் பிரித்துக் கொடுத்தால் பெரிய உதவி. பெரியவர்கள் சொல்வார்களே, நேற்று எதுவும் சாப்பிடப் பிடிக்கவில்லை என்று, அதை இப்படிப் பிரித்தால் போதும்:

கினோ வா நானி மோ தாபே-தாகு-நகாத்-தா தெஸ்
நேற்று வா என்ன உம் சாப்பிடு-விருப்பம்-இல்லை-இறந்தகாலம் மரியாதை

இப்படிப் பிரித்துப் பார்த்தால்தான் வரிசை நம் தமிழ் வரிசையாகவே இருப்பது தெரிகிறது, பயமும் போகிறது. 'கினோ'வுக்குப் பின்னால் வரும் அந்த 'வா'வுக்குத் தமிழ்ச் சொல் தேட வேண்டாம், 'வா' என்றே விட்டுவிடுங்கள். ஆனால் 'னி' வந்தால் அந்த இடத்தில் என்ன பொருளோ அதை எழுதுங்கள் அக்கா. பியோஇன் னி இகிமாஸ் என்றால் மருத்துவமனைக்குப் போகிறேன், ஹேயா னி இமாஸ் என்றால் அறையில் இருக்கிறார், சென்சே னி கிகிமஷ்தா என்றால் டாக்டரிடம் கேட்டேன், மூன்றிலும் ஒரே 'னி' என்பதால் எல்லாவற்றுக்கும் 'கு' என்று போட்டால் நான் குழம்பிவிடுவேன்.

இன்னொன்று, இதுதான் எனக்கு முக்கியம். தமிழில் குடித்தேன், குடித்தார் என்று வினையிலேயே ஆள் தெரிந்துவிடும். அங்கே நொமிமஷ்தா என்று மட்டும் சொல்வார்கள், நான் குடித்தேனா, 3-ஆம் அறைப் பாட்டி குடித்தாரா என்று சொல்லிலிருந்து தெரியாது. பராமரிப்பு வேலையில் மருந்தை யார் குடித்தார் என்பதில் தப்பு நடக்கவே கூடாது, அதனால் வரியில் ஆள் விட்டுப்போயிருந்தால் நடு வரியில் அடைப்புக்குறிக்குள் (பாட்டி), (நான்) என்று போட்டுவிடுங்கள். நீங்கள் எதை வைத்து ஆளைக் கண்டுபிடிக்கிறீர்கள் என்று ஒரு வார்த்தை சேர்த்தாலும் நல்லது.

ஒத்ஸுகாரேசமா, யொரோஷிகு ஒனெகாய்ஷிமாஸ் மாதிரி வழக்கமாகச் சொல்பவற்றைப் பிரிக்க வேண்டாம், மொத்தமாக எந்த நேரத்தில் யாரிடம் சொல்வது என்று எழுதினால் போதும். எங்காவது காஞ்சி என்ற சித்திர எழுத்து வந்தால் பக்கத்தில் ஹிராகனா போடுங்கள்.

உங்களுக்கு வேலை கூடும் என்று தெரியும், அதனால் நீளமாக எழுத வேண்டாம், ஐந்து வரி போதும். ஒருமுறை பொருள் கொடுத்த சொல் திரும்ப வந்தால் நடு வரியில் அந்த இடத்தைக் காலியாக விடுங்கள், நானே நிரப்பி அனுப்புகிறேன், தப்பிருந்தால் திருத்துங்கள். என்4 என்ற ஜப்பானிய மொழித் தேர்வுக்குப் புத்தகம் இருக்கிறது, அதில் இலக்கணமும் இருக்கிறது, ஆனால் வேலை செய்யும் இடத்தில் நிஜமாகப் பேசுகிற வரிகள் உங்களிடமிருந்துதான் கிடைக்கும்.

முதலில் மோஷிஒகுரி, அதாவது டூட்டி மாறும்போது சொல்லும் தகவல், வேண்டும் அக்கா. நைட் டூட்டி முடிந்து காலையில் வருகிறவர்களிடம் ஒப்படைக்கும்போது நீங்கள் என்ன சொல்வீர்கள்? ஒருவருக்கு இரவில் காய்ச்சல் வந்தது, தண்ணீர் கொஞ்சம்தான் குடித்தார், காலை மருந்து இன்னும் கொடுக்கவில்லை என்று வைத்துக்கொண்டு எழுதுங்கள். அவசரமே இல்லை, நன்றாகத் தூங்கி எழுந்து அப்புறம் அனுப்பினால் போதும்.