இராட்டினம் நின்றது தொடர்பான சம்பவ அறிக்கை

முகாமையாளர் அவர்களுக்கு,

நேற்றுச் சனிக்கிழமை இரவு 7.40 மணிக்கு, காலிமுகத்திடலுக்கு அருகில் நாம் இயக்கும் இராட்சத இராட்டினம் நடுச்சுற்றில் நின்றுவிட்டது. கூடுகளில் 27 பேர் இருந்தனர். உச்சியில் ஒரு தாயும் இரு பிள்ளைகளும். மிகைச்சுமையால் மோட்டாரின் ஆளி விழுந்து, பிரேக் தானாகவே இறுகியிருந்தது. காரணம் தெரியாமல் ஆளியை மறுபடி போட நான் விடவில்லை.

ஒலிபெருக்கியில் தமிழிலும் சிங்களத்திலும், "கதவைத் திறக்காதீர்கள், எழுந்து நிற்காதீர்கள்" என்று அறிவித்தோம். 110க்கு அழைத்துத் தீயணைப்புப் படைக்கும் சொன்னோம். மேலிருந்து ஒரு சிறு செருப்பு விழுந்ததும், கீழே நின்ற தகப்பன் வேலியைத் தாண்டப் பார்த்தார். அவரிடமே மைக்கைக் கொடுத்துப் பிள்ளைகளோடு பேசச் சொன்னேன். விதிமுறையில் இல்லாத செயல்தான். ஆனால் அழுகை நின்றது.

பின் பிரேக்கைக் கையால் தளர்த்தித் தளர்த்தி, நால்வர் சேர்ந்து சக்கரத்தைத் திருப்பினோம். ஒரு பக்கம் மட்டும் காலியானால் மறுபக்கப் பாரம் சக்கரத்தை இழுத்துவிடும். ஆகவே எதிரெதிர்க் கூடுகளை மாறி மாறி இறக்கினோம். 8.25க்குக் கடைசி ஆள் இறங்கினார். எவருக்கும் காயமில்லை. டிக்கெட் பணம் திருப்பிக் கொடுக்கப்பட்டது.

பொறியியலாளர் சோதிக்கும்வரை இராட்டினம் பூட்டியே இருக்கும். அவசரத்தில் விட்டுச்சென்ற அந்தச் செருப்பு டிக்கெட் கூண்டில் இருக்கிறது.

இராட்டின இயக்குநர், இரவு முறை