கனத்த தந்தி

கதவுக்குள்ளே வாசித்துக்கொண்டிருந்தவன் யார் என்று ஆரணிக்குத் தெரியாது. அவள் மேலே வந்தபோதே அவன் உள்ளே போயிருந்தான். சத்தம் மட்டும் வந்தது. இரட்டைக் கதவு, தடித்த சுவர், அதையும் தாண்டி வந்தது. வயலினைவிடக் கொஞ்சம் பெரிதான வியோலாவில் இவ்வளவு சத்தம் எழுமா என்று நினைத்தாள்.

எனெஸ்குவின் கச்சேரித் துண்டு. இந்த நுழைவுத் தேர்வில் அவளும் அதைத்தான் வாசிக்க வேண்டும். ருமேனியாவிலிருந்து சிறுவனாக வந்து பாரிசின் இதே இசைக்கல்லூரியில், இதே கொன்சர்வத்துவாரில் வயலின் படித்தவர் எனெஸ்கு. 1906இல் இங்கே வியோலா மாணவர்களின் தேர்வுக்கென்றே அதை எழுதினார். வியோலாவுக்கென்று இங்கே தனி வகுப்பு தொடங்கியதே 1894இல்தான். 1795இல் பிறந்த பள்ளிக்கூடம் வியோலாக்காரரை நூறு வருசம் காக்க வைத்திருக்கிறது. அந்தத் துண்டு கிடைத்த முதல் பேராசிரியர் எவ்வளவு மகிழ்ந்திருப்பார் என்று ஆரணி பல தடவை யோசித்திருக்கிறாள். இன்றைக்கு அந்த யோசனையெல்லாம் வரவில்லை. அடுத்தவனின் வில் தந்தியில் திரும்பும் இடங்களை எண்ணிக்கொண்டிருந்தாள்.

கைகளைத் தொடைக்கடியில் வைத்து அதன்மேல் உட்கார்ந்திருந்தாள். விரல் நுனிகள் சூடாகவே மாட்டேன் என்றன. பெப்ரவரிக் குளிரைச் சொல்லிப் பயனில்லை, உள்ளே வெப்பமூட்டி எரிந்துகொண்டுதான் இருந்தது. இடது கையைப் பற்றி அவளுக்குக் கவலை இல்லை. அது பழக்கத்தில் தன் பாட்டுக்குப் போகும். பயமெல்லாம் வலது கைதான். வில்லை மெதுவாக இழுக்கும்போது நெஞ்சிலிருக்கும் நடுக்கம் தோளால் இறங்கி மணிக்கட்டுக்கு வந்து வில்லின் நடுவில் துள்ளும். வேகமான இடத்தில் அதை ஒளித்துவிடலாம். நீண்ட ஒற்றைச் சுரத்தில் ஒளிக்க இடமே இல்லை.

அதைவிடப் பெரிய பயம் ஒன்று இருந்தது. அவளுடைய சத்தம் சின்னது.

பாரிசின் புறநகரான பொபினியில் ஏழாவது மாடி வீடு. பள்ளிக்கூடம் முடிந்து வந்து அவள் பயிற்சி செய்கிற நேரம்தான் அப்பா தூங்குகிற நேரம். ரன்ஜிஸ் மொத்தச் சந்தையில் மரக்கறிப் பெட்டி ஏற்றி இறக்குகிற வேலை. ஊர் உறங்கிய பிறகு கிளம்பிப் போய், ஊர் வேலைக்குப் போகும் நேரத்தில் திரும்பி வருவார். அதனால் தந்திகளைத் தாங்கும் குதிரையின் மேல் சத்தத்தை அடக்கும் கறுப்பு ரப்பர் மியூட்டை மாட்டிவிட்டுத்தான் வாசிப்பாள். அதை மாட்டினால் தந்தியின் துடிப்பு பெட்டிக்குள் சரியாக இறங்காது, கொசு ரீங்காரம் அளவுக்குத்தான் கேட்கும். வாசிக்கிறவருக்கு அது போதாமல் இருக்கும். தன் சத்தம் தனக்கே கேட்கவில்லை என்று கை தானாக வில்லை அமுக்கத் தொடங்கும். வருடக்கணக்கில் இப்படி வாசித்தால் ரப்பரைக் கழற்றிய பிறகும் கை அமுக்கிக்கொண்டேயிருக்கும், தந்தி மூச்சுத் திணறும். நகராட்சி இசைப்பள்ளி ஆசிரியை இதை எப்போதும் ஒரே வரியில்தான் சொல்வார்: "தள்ளாதே, பாரத்தை விடு." ஆரணி தலையாட்டுவாள். அப்புறம் வீட்டுக்குப் போய் ரப்பரை மாட்டுவாள்.

உள்ளே வாசிப்பு நின்றது. நாற்காலி நகரும் ஓசை. கதவு திறந்து உயரமான ஒரு பையன் வந்தான். நெற்றியெல்லாம் வியர்வை. இவளைப் பார்த்துச் சிரிக்க முயன்று, முடியாமல், பெட்டி வைத்த இடத்தைத் தேடிப் போனான். பெரிய சத்தக்காரனுக்கும் கை நடுங்கியது. பெட்டியின் கொக்கியைப் போட அவன் இரண்டு தரம் முயல வேண்டியிருந்தது.

பட்டியலை வைத்திருந்த பெண் எட்டிப் பார்த்தார். "நீங்கள்தானே அடுத்தது? நடுவர்களுக்குப் பத்து நிமிடம் இடைவேளை. விரும்பினால் கீழே போய்வாருங்கள், நேரத்துக்கு வந்துவிடுங்கள்."

பத்து நிமிடம். இன்னும் பத்து நிமிடம் இந்த நாற்காலியில் உட்கார்ந்தால் தன் பெயரே மறந்துவிடும் என்று தோன்றியது. வியோலாவைத் தோளில் மாட்டிக்கொண்டு படியிறங்கினாள்.

நுழைவாயில் கூடத்தில் அப்பா சுவரோரமாக உட்கார்ந்திருந்தார். வேலையிலிருந்து வீட்டுக்கு வந்த கையோடு, உடைகூட மாற்றாமல் அவளோடு கிளம்பியவர். சந்தை ஜாக்கெட்டைக் கழற்றிச் சுருட்டி மடியில் வைத்திருந்தார், அந்த இடத்தில் அதைப் போட்டுக்கொண்டிருக்கக் கூடாது என்று நினைத்தவர் போல. காலையில் பொபினியில் ஐந்தாம் இலக்க மெற்றோ ஏறி, நாலு தரிப்பு தள்ளி போர்த் து பொந்தனில் இறங்கும்வரை இரண்டு பேரும் அதிகம் பேசவில்லை.

"முடிஞ்சுதோ பிள்ளை?"

"இல்லையப்பா. இன்னும் கூப்பிடேல்லை. அவைக்கு இடைவேளை."

"ஏதும் குடிக்கிறியே? பிளாஸ்கிலை தேத்தண்ணி இருக்கு."

"வேண்டாம்."

அவர் மூடியில் ஊற்றி நீட்டினார். குடிக்கவில்லை என்றாலும் இரண்டு கைகளாலும் அதைப் பிடித்துக்கொண்டாள். சூடு உள்ளங்கைக்கு வந்தது.

"அப்பா, எனக்கு முன்னுக்கு வாசிச்ச பெடியன்ரை சத்தம் கதவைத் தாண்டி வந்தது. என்ரை கதவுக்கு உள்ளையே கேக்காது."

அவர் உடனே பதில் சொல்லவில்லை. "நல்லா வாசிப்பாய்" என்பார் என்று எதிர்பார்த்தாள். அப்படிச் சொல்லியிருந்தால் அழுதிருப்பாள்.

"உந்தக் கனத்த தந்தி எனக்குக் கேக்கும்" என்றார்.

"எது?"

"அடியிலை இருக்கிற தந்தி. நீ எப்பவும் துவங்கேக்கை மேலை இருந்து படிப்படியா இறங்கி வந்து அதிலை விழுவாய். அது சுவருக்கால வரும். கட்டில் சட்டத்திலை கை வைச்சால் அதிரும்."

ஆரணி நிமிர்ந்து பார்த்தாள். பாக்கின் மூன்றாவது தொகுப்பு, முதல் பகுதி. செலோவுக்கு எழுதியதை வியோலாக்காரர் ஒரு ஸ்தாயி மேலே தூக்கி வாசிப்பார்கள். மேல் 'தோ' சுரத்திலிருந்து இறங்கி அடித்தந்தியின் திறந்த 'தோ'வில் வந்து நிற்கும்.

"நீங்கள் நித்திரை எல்லோ?"

"அரைவாசி நித்திரை."

"நான் ரப்பர் போட்டெல்லோ வாசிக்கிறனான்!"

"போட்டாலும் கேக்கும். நடுவிலை ஒரு துண்டு வருமே, ஏத்தத்திலை லொறி ஏறுற மாதிரி, அடியிலை ஒரே சத்தம் இரைஞ்சுகொண்டே இருக்க மேலை மேலை மாறிக்கொண்டு போகும். அதிலை நீ நிக்கிற இடம் ஒண்டு இருந்தது. ஒவ்வொரு நாளும் அதிலை வந்து நிப்பாய். திரும்பத் துவங்குவாய், திரும்ப நிப்பாய். நானும் முழிச்சுக்கொண்டு கிடப்பன், இண்டைக்குத் தாண்டுவாளோ எண்டு." ஜாக்கெட்டை மடியில் சரிசெய்தார். "தையிலை இருந்து நீ அதிலை நிக்கிறேல்லை."

அவளுக்கே அது தெரியாது. அந்த இடம் சரியாகிவிட்டதைக் கவனித்திருக்கவில்லை. சரியாகாத மற்ற இடங்களைத்தான் கணக்கு வைத்திருந்தாள். தனிமையில் பயிற்சி செய்கிற எல்லாருக்கும் இருக்கிற பழக்கம்தான், ஏறிய படி கண்ணில் படாது. அதை அவளுக்காக எண்ணிக்கொண்டு, தூங்க வேண்டிய நேரத்தில் ஒருவர் சுவருக்கு அந்தப் பக்கம் படுத்திருந்திருக்கிறார்.

"ஏனப்பா ஒருநாளும் சொல்லேல்லை?"

"சொன்னால் நீ எனக்குக் கேக்குதெண்டு விட்டிடுவாய். பிறகு நான் எதைக் கேக்கிறது?" மூடியைத் திரும்ப வாங்கிக்கொண்டார். "போ, நேரமாகுது. ரப்பர் எங்கை?"

அது குதிரையிலேயே மாட்டியபடி இருந்தது. மேலே விரல் பழக்கும் அறையில்கூடப் பழக்கதோசத்தில் போட்டிருந்தாள். கழற்றி அவர் கையில் கொடுத்தாள். அவர் அதை ஜாக்கெட் பைக்குள் போட்டு சிப்பை இழுத்து மூடினார்.

மாடிப்படியில் ஏறும்போது இதயம் அடித்துக்கொண்டுதான் இருந்தது. அது நிற்கப் போவதில்லை என்று அவளுக்குத் தெரிந்தது. மேடையேறுகிற யாருக்கும் அது நிற்பதில்லை என்று ஆசிரியை சொன்னதை அவள் ஆறுதலுக்குச் சொன்னது என்றுதான் நினைத்திருந்தாள்.

"ஆரணி?" பட்டியல் பெண் அவள் பெயரைப் பிரெஞ்சுக்காரர்கள் எல்லாரும் சொல்வது போலக் கடைசி எழுத்தை நீட்டிச் சொன்னார். கதவு திறந்தது.

நீள மேசை, ஐந்து பேர், தண்ணீர்ப் போத்தல்கள். ஒருவர் இன்னும் குறிப்பு எழுதிக்கொண்டிருந்தார், அனேகமாக அந்தப் பையனைப் பற்றி. பியானோக்காரர் அவளைப் பார்த்து 'லா' கொடுத்தார். பிரடையைத் திருப்பிச் சுருதி சேர்த்தாள். மூன்று தந்திகள் சரியாக இருந்தன, அடித்தந்தி கொஞ்சம் இறங்கியிருந்தது. அவசரப்படாமல் அதை ஏற்றினாள். ஐந்து பேரையும் காக்க வைப்பதற்கு இவ்வளவு நேரம் தனக்கு உண்டு என்று அவள் முன்பு எண்ணியதே இல்லை.

"எதிலிருந்து தொடங்குகிறீர்கள், மதுமசெல்?"

"பாக்."

வில்லை வைத்தாள். முதல் சுரத்திலேயே அது துள்ளியது. ஐந்து பேரும் கேட்டிருப்பார்கள், மறைக்க வழியில்லை. கை உடனே அமுக்கப் பார்த்தது. படிகளில் இறங்கினாள், ஒவ்வொன்றாக, பிறகு பெரிய தாவல்களாக, அடித்தந்திக்கு வந்தபோது இடது கைக்கு வேலையே இல்லை, எந்த விரலும் வேண்டாம். வலது கையின் பாரத்தை அப்படியே விட்டாள்.

கட்டில் சட்டத்துக்கு வந்தது நாற்காலிக் கால்களுக்கும் வந்தது. ரப்பர் இல்லாத தந்தி, இந்த உயரமான அறை, இரண்டும் சேர்ந்து அதை வாங்கி வைத்துக்கொண்டன. தன் சத்தம் திரும்பித் தன்னிடமே வருவதைக் கேட்டாள். பெரியது என்று சொல்ல முடியாது. இருண்டது, அகலமானது. அடுத்த வரியில் கை அமுக்கவில்லை. அதற்கடுத்த வரியில் மறந்து அமுக்கினாள், பிறகு விட்டாள். ஒரு இடத்தில் சுருதி கொஞ்சம் மேலே போனது. போகட்டும்.

லொறி ஏற்றத்துக்கு வந்தது. திறந்த 'சொல்' அடியில் இரைந்துகொண்டேயிருக்க, மேலே விரல்கள் இடம் மாறின, வில் இரண்டு மூன்று தந்திகளில் உருண்டது. நிற்கிற இடம் எங்கே இருந்தது என்று தேடினாள். தேடி முடிப்பதற்குள் அதைக் கடந்திருந்தாள். இனி மேலே ஏறி உச்சிக்குப் போய், அந்தப் பெரிய நாண்களை ஒவ்வொன்றாக அறையில் நிறுத்திவிட்டு—

"நன்றி, மதுமசெல். இதுவரை போதும்."

வில் அந்தரத்தில் நின்றது. நடுவர்கள் இப்படி நிறுத்துவது வழக்கம்தான். எல்லாரையும் நிறுத்துவார்கள், அதிலிருந்து எதையும் ஊகிக்கக் கூடாது என்று பல தடவை சொல்லியிருந்தார்கள். அவள் எதையும் ஊகிக்கவில்லை. அவளுக்குக் கோபம் வந்தது. நாண்களைக் கேட்காமல் எப்படி நிறுத்தலாம்? அவைதானே இதில் நல்ல இடம்.

"எனெஸ்கு, தயவுசெய்து."

இதையாவது முடிவுவரை வாசிக்க விடுவார்களா? விடாவிட்டாலும், நிறுத்தச் சொல்லும்வரை இருக்கிற ஒவ்வொரு வரியையும் அவர்கள் கேட்டே ஆக வேண்டும். விரல்களைச் சட்டையில் துடைத்துக்கொண்டு, வியோலாவைத் தாடைக்கடியில் ஏற்றி, பியானோக்காரருக்குத் தலையசைத்தாள்.