9-பி கவின்: மார்க் குறைவது பற்றி உங்களை நேரில் பார்த்துப் பேச நேரம் வேண்டும்

அன்புள்ள மேடம்,

வணக்கம். 9-பி கவினுடைய அம்மா செல்வி எழுதுகிறேன். போன வெள்ளிக்கிழமை ரேங்க் கார்டில் கையெழுத்துப் போட வந்தபோது எனக்குப் பின்னால் வரிசையில் இருபது பேராவது நின்றார்கள், நீங்களும் காலையிலிருந்து நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை என்பது பார்த்தாலே தெரிந்தது. அந்த நேரத்தில் உங்களை நிறுத்திவைத்துப் பேச மனசு வரவில்லை, கையெழுத்துப் போட்டுவிட்டு வந்துவிட்டேன். ஒரு அரை மணி நேரம் தனியாக உட்கார்ந்து பேச முடியுமா என்று கேட்கத்தான் இந்த மெயில். நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள். வீட்டில் நடந்ததை எல்லாம் இதிலேயே சொல்லிவிட்டால் நேரில் கிடைக்கும் நேரத்தில் நீங்கள் சொல்வதை நான் கேட்கலாம்.

முதலிலேயே ஒன்று: யார் மேல் தப்பு என்று பேச நான் வரவில்லை. உங்கள் மேலும் இல்லை, கணக்கு சார் மேலும் இல்லை, அவன் மேலும் இல்லை. எனக்குத் தெரிந்த கவின் சாயங்காலம் ஐந்தரை மணிக்கு மேல் களைத்துப் போய் வருகிற கவின். வகுப்பில் அவன் எப்படி இருக்கிறான், யாரோடு உட்காருகிறான், கேள்வி கேட்டால் வாய் திறக்கிறானா என்பதெல்லாம் உங்களுக்குத்தான் தெரியும். எனக்கு அது வேண்டும்.

மார்க் உங்களுக்கே தெரியும், இருந்தாலும் நான் எதைப் பார்த்துப் பயந்தேன் என்று சொல்ல வேண்டுமே. எட்டாவது முழுப் பரீட்சையில் கணக்கில் 84, அறிவியலில் 79. இந்தக் காலாண்டில் கணக்கு 46, அறிவியல் 52. ஆங்கிலம் கொஞ்சம் இறங்கி 64, சமூக அறிவியல் 71. தமிழ் மட்டும் 85, போன வருஷத்தை விட ஒரு மார்க் கூட. மொத்த மார்க்கை மட்டும் பார்த்தபோது 'படிக்கிறதில்லை' என்றுதான் எனக்கும் தோன்றியது, அவன் அப்பாவும் அதையே சொன்னார், பக்கத்து வீட்டில் 'போன் மேடம், எல்லாம் போன்தான்' என்றார்கள். சரி என்று ஆகஸ்ட்டில் மூன்று வாரம் போனைப் பீரோவில் வைத்துப் பூட்டினேன். அதற்கு அப்புறம் எழுதியதுதான் இந்தக் காலாண்டு. போனே காரணமில்லை என்று நான் சொல்லவில்லை, ஆனால் போன் மட்டும் காரணம் என்றால் தமிழ் ஏன் இறங்கவில்லை என்ற கேள்வி எனக்குள் ஓடிக்கொண்டே இருந்தது.

இந்த வருஷம் வீட்டில் மாறியது என்னவென்றால், மே மாதம் நாங்கள் பெரம்பூரிலிருந்து திருமுல்லைவாயலுக்கு வீடு மாறிவிட்டோம். வீட்டுக்காரர் இடித்துக் கட்டப் போகிறேன் என்றார், அந்தப் பக்கம் எங்களுக்குக் கட்டுப்படியாகிற வாடகையில் வேறு வீடு கிடைக்கவில்லை. முன்பு பத்து நிமிஷம் நடந்தால் பள்ளிக்கூடம். இப்போது ஐந்தரைக்கு எழுந்து, ஏழு மணிக்குள் ரயிலைப் பிடித்து, அம்பத்தூர், கொரட்டூர், வில்லிவாக்கம் என்று நின்றுகொண்டே போகிறான், அந்த நேரத்தில் உட்கார இடம் ஏது. பழைய வீட்டு மாடியில் ஒரு அக்காவிடம் கணக்கு டியூஷன் போய்க்கொண்டிருந்தான், அதுவும் நின்றுபோனது. இங்கே வேறு டியூஷன் சேர்க்கலாம் என்று பார்த்தால் ஆறரையிலிருந்து எட்டரை வரை என்கிறார்கள், அதற்கு மேல் அவன் எப்போது சாப்பிட்டு எப்போது தூங்குவது. அவன் அப்பாவுக்கு ஒரு வாரம் விட்டு ஒரு வாரம் நைட் ஷிஃப்ட். நான் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் கணக்குப் பிரிவில் இருக்கிறேன், வீட்டுக்கு வர ஏழு ஆகிவிடும். இதையெல்லாம் ஜூன் மாதமே உங்களிடம் சொல்லியிருக்க வேண்டும். சமாளித்துவிடுவான் என்று நினைத்தேன்.

அப்புறம் ஒரு விஷயம். காலாண்டு லீவில் என் அம்மா வீட்டுக் கொலுவுக்குப் பெரம்பூர் போய்விட்டு ராத்திரி திரும்பும்போது ஸ்டேஷனில் நின்றுகொண்டிருந்தோம். தூரத்தில் ஒரு லோக்கல் வந்தது. 'எந்த வண்டிடா அது, நம்ம ஸ்டேஷனில் நிற்குமா?' என்றேன். 'பக்கத்தில் வரட்டும்மா' என்றான். எனக்கு அங்கிருந்தே பட்டாபிராம் என்று தெளிவாகத் தெரிகிறது, இவன் கண்ணை இடுக்கிக்கொண்டு நிற்கிறான். தினமும் எப்படி ஏறுகிறாய் என்று கேட்டால், பக்கத்தில் நிற்கிறவர்களைக் கேட்பேன் என்கிறான். மறுநாளே எழும்பூர் அரசு கண் மருத்துவமனைக்குக் கூட்டிப் போனேன். இரண்டு கண்ணிலும் மைனஸ் 1.25 என்றார்கள். கிட்டப்பார்வை. புத்தகம் படிக்கலாம், பேப்பரில் எழுதலாம், தூரத்தில் இருப்பதுதான் தெரியாது.

வீட்டுக்கு வந்ததும் அவனுடைய கணக்கு வகுப்பு நோட்டை எடுத்து உட்கார்ந்தேன். இயற்கணிதத்தில் காரணிப்படுத்தும் பகுதி. ஒரு பக்கத்தில் x² + 5x + 8 என்று எழுதி, கீழே நாலு வரி போட்டு அடித்திருக்கிறான், மறுபடி நாலு வரி, மறுபடி அடித்தல், அதற்குக் கீழே ரப்பர் தேய்த்துத் தேய்த்துத் தாள் ஓட்டையாகி அடுத்த பக்கம் தெரிகிறது. ப்ளஸ் டூ வரை கணக்கு படித்தவள்தான் நானும், கால் மணி நேரம் உட்கார்ந்தேன், வரவே இல்லை. பெருக்கினால் 8, கூட்டினால் 5 வருகிற மாதிரி இரண்டு எண் எங்கே இருக்கிறது? கடைசியில் அவன் சிநேகிதனின் அம்மாவிடம் கேட்டு அந்தப் பையனின் நோட்டைப் படம் எடுத்து அனுப்பச் சொன்னேன். போர்டில் இருந்தது x² + 5x + 6. இரண்டும் மூன்றும், (x + 2)(x + 3), ஒரு நிமிஷ வேலை. இவனுக்கு 6, எட்டாகத் தெரிந்திருக்கிறது. அந்த நோட்டில் இப்படி ஏழு இடம் எண்ணினேன். வராத கணக்கோடு மல்லுக்கட்டிவிட்டு 'எனக்குக் கணக்கு வராது' என்று முடிவுக்கு வந்திருக்கிறான் பிள்ளை. போன மாதம் அந்த வார்த்தையை என்னிடம் சொன்னான், நான் 'சாக்கு சொல்லாதே' என்று திட்டினேன். அதை நினைத்தால் இப்போதும் தொண்டை அடைக்கிறது.

உங்கள் வகுப்பில் நாற்பதுக்கு மேல் பிள்ளைகள். ஒருவன் கடைசி வரிசையில் உட்கார்ந்து பேசாமல் எழுதிக்கொண்டே இருந்தால் தவறாக எழுதுகிறான் என்று யாருக்கும் தெரியப்போவதில்லை. வீட்டில் கூடவே இருக்கிற எனக்கே நாலு மாதம் தெரியவில்லையே. அதனால் ஏன் கவனிக்கவில்லை என்று கேட்கிறேன் என்று தயவுசெய்து எடுத்துக்கொள்ளாதீர்கள்.

கண்ணாடி வாங்கிக் கொடுத்தாகிவிட்டது. இப்போது என் கவலை அதில்தான். தினமும் பையில் எடுத்துப் போகிறான், வீட்டுக்கு வரும்போது பெட்டியில் இருக்கிறது. நேற்று அந்தப் பெட்டியைத் திறந்து பார்த்தேன். உள்ளே துடைக்கிற துணி கடையில் மடித்துக் கொடுத்த மடிப்பு கலையாமல் இருக்கிறது. ஒரு தடவை போட்டிருந்தால்கூட அந்தத் துணியைத் தொட்டிருப்பான். கேட்டால் 'போட்டுக்கிறேன்மா' என்கிறான், அதற்கு மேல் பேச்சில்லை. யாராவது கிண்டல் செய்கிறார்களா, இவனாகவே கூச்சப்படுகிறானா, எனக்குத் தெரியவில்லை. எட்டாவதில் கூடவே உட்கார்ந்திருந்த இரண்டு பேரும் இந்த வருஷம் ஏ செக்ஷனுக்குப் போய்விட்டார்கள் என்று மட்டும் எப்போதோ சொன்னான்.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். முதல் இடைத்தேர்வு கணக்குத் தாளை அவன் எங்களிடம் காட்டவே இல்லை. போன ஞாயிற்றுக்கிழமை பரணில் பழைய அட்லஸுக்குள் மடித்து வைத்திருந்ததைப் பார்த்தேன், 50க்கு 19. அதில் இருக்கிற கையெழுத்து என்னுடையதும் இல்லை, அவன் அப்பாவுடையதும் இல்லை. அவனிடம் இதுவரை கேட்கவில்லை, அவன் அப்பாவிடமும் சொல்லவில்லை. இந்தப் பிள்ளை இதுவரை பொய் சொன்னதில்லை மேடம், எவ்வளவு பயந்திருந்தால் இதைச் செய்திருப்பான். செய்தது சரி என்று நான் சொல்லவில்லை, கேட்கத்தான் போகிறேன். ஆனால் உங்களிடம் பேசிவிட்டுக் கேட்டால் நல்லது என்று தோன்றுகிறது. நாம் சந்திக்கும் வரை வகுப்பில் இதைப் பற்றி அவனிடம் எதுவும் கேட்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

நேரில் உங்களிடம் கேட்க நினைத்திருப்பதில் முக்கியமானது, காலாண்டு லீவு முடிந்து வந்த பிறகு அவன் வகுப்பில் கண்ணாடி போட்டு நீங்கள் பார்த்தீர்களா என்பது. முதல் இரண்டு வரிசைக்குள் ஒரு இடம் கிடைக்குமா என்றும் கேட்க வேண்டும், அவனை மட்டும் எழுப்பி மாற்றினால் கூச்சப்படுவான், எல்லாரையும் மாற்றி உட்கார வைக்கும்போது சேர்த்துச் செய்தால் போதும், அவசரமில்லை. கணக்கு சாரும் அறிவியல் மிஸ்ஸும் ஐந்து நிமிஷம் வர முடிந்தால் ரொம்ப உதவி, எந்தப் பாடத்திலிருந்து திரும்ப ஆரம்பிக்க வேண்டும் என்று அவர்கள்தான் சொல்ல முடியும். அரையாண்டுக்கு டிசம்பர் வரை நேரம் இருக்கிறது, எல்லாவற்றையும் ஒரேயடியாகப் பிடிக்க வேண்டும் என்று நான் நினைக்கவில்லை. மெய்யெண்களும் இயற்கணிதமும் மட்டும் திரும்பப் போட்டு வந்தால்கூட அடுத்த வருஷம் பத்தாவதில் திணற மாட்டான். ஞாயிற்றுக்கிழமை காலையில் இரண்டு மணி நேரம் நான் அவனோடு உட்காருகிறேன், இந்த வாரமே ஆரம்பித்துவிட்டோம். அறிவியலில் எனக்கு அவ்வளவு கைவராது, அதற்கு உங்கள் யோசனை வேண்டும்.

முதலில் நாம் பெரியவர்கள் மட்டும் பேசிவிட்டு, கடைசிப் பத்து நிமிஷம் அவனைக் கூப்பிட்டால் நன்றாக இருக்கும் என்று நினைக்கிறேன். அவனை நடுவில் நிற்க வைத்து நாம் எல்லாரும் மார்க்கைப் பற்றிப் பேசினால் வாயே திறக்க மாட்டான். உங்களுக்கு வேறு விதமாகத் தோன்றினால் சொல்லுங்கள், உங்கள் அனுபவம் பெரியது.

வியாழனோ வெள்ளியோ சாயங்காலம் பள்ளி விட்ட பிறகு என்றால் நான் பர்மிஷன் போட்டுவிட்டு வந்துவிடுவேன். சனிக்கிழமை பள்ளி வைத்தால் எந்த நேரமும் சரி, அன்றைக்கு அவன் அப்பாவும் வருவார். மழையால் லீவு விட்டால் அடுத்த வாரத்துக்குத் தள்ளிக்கொள்ளலாம். பதிலை மட்டும் டைரியில் எழுதாமல் இந்த மெயிலுக்கே அனுப்பிவிடுங்கள், இல்லையென்றால் டைரியின் முதல் பக்கத்தில் இருக்கிற என் நம்பருக்குப் போன் செய்யுங்கள். மதியம் ஒன்றிலிருந்து இரண்டு வரை எடுப்பேன்.

ஜூலையில் அவன் எழுதிய தமிழ்க் கட்டுரையை நீங்கள் வகுப்பில் படிக்கச் சொன்னீர்களாம், அன்றைக்கு நான் வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றும்போதே சொன்னான். அந்தத் தாளை இன்னும் மேஜைக் கண்ணாடிக்கு அடியில் வைத்திருக்கிறான்.

நன்றி மேடம்.

இப்படிக்கு,
செல்வி
(கவின், 9-பி, அம்மா)